முதல் பத்து அடி: ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்குபவருக்கான குதிகால் கணக்கு

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுத் தம்பி ஓடத் தொடங்கினார். தம்பி என்று நான் சொன்னாலும் அவருக்கு வயது 53. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ரத்தப் பரிசோதனையில் இனிப்பு நீர் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாளே சப்பாத்து வாங்கிவிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஓட இடத்துக்கா பஞ்சம்? பள்ளித் திடல் இருக்கிறது, தோட்டத்துச் செம்மண் சாலை இருக்கிறது. ஏழு மணியை ஒட்டித்தான் நன்றாக விடியும் என்பதால் வெயிலுக்கு முன் ஓடி முடித்துவிடலாம்.

ஆறே வாரத்தில் நடையிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்துவிட்டார். "அண்ணே, மூச்சே வாங்கல. இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடலாம் போல இருக்கு" என்றார். நான் 49 வயதில் ஓடத் தொடங்கியவன், இப்போது 58. இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் பயமாக இருந்தது. எட்டாவது வாரம், காலையில் வீட்டு வாசல் படியில் அவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தேன். இடது குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, "நரம்பு இழுக்குதுண்ணே" என்றார்.

அது நரம்பில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தடித்த நாண், அக்கிலஸ் தசைநாண். ஐம்பதுக்கு மேல் புதிதாக ஓட வருகிறவர்களைப் பெரும்பாலும் படுக்க வைப்பது இதுவும் கெண்டைக்காலும்தான். முழங்காலைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். இந்த வயதில் நான் முதலில் பார்ப்பது குதிகாலை. ஓய்வு, வேகம், காயம் என்ற மூன்றையும் இந்த ஒரு நாணை வைத்தே சொல்லிவிடலாம் என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முந்திக்கொள்ளும் நுரையீரல், பின்தங்கும் நாண்

ஓடத் தொடங்கிய சில வாரங்களில் இதயமும் மூச்சும் பழகிவிடும். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதுவும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்படுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்று ஓட்டத்தைக் கூட்டினால், இன்னும் தயாராகாத நாணின் மேல்தான் அந்தப் பாரம் இறங்கும்.

ஓட்டத்தில் அந்தப் பாரம் சின்னதில்லை. கெண்டைக்காலின் உள்ளே சோலியஸ் என்று ஒரு தட்டையான தசை இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு விசையை அது தாங்குகிறது. அந்த விசை அப்படியே நாண் வழியாகக் குதிகாலுக்குப் போகிறது. வயது ஏற ஏற இந்தத் தசையின் பலம் குறையும். மனசு மட்டும் பழைய வேகத்தையே கேட்கும்.

இன்னொரு சங்கதி, ஓய்வுக் கணக்கைத் தீர்மானிப்பது. கடுமையாக ஓடி முடித்ததும் நாணுக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார் கட்டப்படுவதும் உண்டு, சிதைவதும் உண்டு. முதல் ஒன்றரை நாள் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்தும். அது மூன்றாம் நாள் வரை நீளும். சிதைவு நடக்கும் நேரத்திலேயே மறுபடி மறுபடி அடித்தால் கணக்கு எப்போதும் பற்றில்தான் நிற்கும். நம் தம்பி வாரத்தில் மூன்று நாள் லீவு கிடைத்ததென்று அந்த மூன்று நாளும் அடுத்தடுத்து ஓடியிருக்கிறார். அதில் ஒரு நாள் தோட்டத்து மேட்டில் வேகமாக ஏறி இறங்கியிருக்கிறார். போதாததற்கு, புதுச் சப்பாத்து குதிகால் பக்கம் உயரமே இல்லாத தட்டையான மெல்லிய வகை. குதிகால் தாழத் தாழ நாண் கூடுதலாக இழுபடும். மூன்று தப்பும் ஒரே வாரத்தில்.

முதல் வேலை: காலையில் பத்து அடி

கைக்கடிகாரம் காட்டும் எண்களையெல்லாம் விட எனக்கு நம்பிக்கையான அளவுகோல் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் வைக்கும் முதல் பத்து அடிதான். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த நாண் விறைத்திருக்கும். நேற்றைய ஓட்டம் அதற்கு அதிகமாகியிருந்தால் அது இங்கேதான் வாயைத் திறக்கும். ஓடும்போது வலி தெரியாமல் போவது சகஜம், ஏனென்றால் சூடேறியதும் வலி மறைந்துவிடும். பலரையும் ஏமாற்றுவது இதுதான். "ஓடினா சரியாயிடுது" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள், மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் அதிகமாக நொண்டுவார்கள்.

வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் விறைப்பு தெரிகிறது, நடை மாறவில்லை. 5 என்றால் நொண்டுகிறேன். காலண்டரில் அந்தந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைப் பக்கவாட்டில் மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே வலித்தால் அது நடுநாண் வலி. நாண் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது ஒட்டுமிட வலி. இரண்டுக்கும் பயிற்சி சற்று மாறும் என்பதால் இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவீடனில் கரின் சில்பர்நாகல் குழுவினர் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாண் வலி உள்ளவர்கள், வலியை அளந்துகொண்டே ஓட்டத்தைத் தொடர்ந்தாலும், ஓட்டத்தை நிறுத்தியவர்களைவிட மோசமாகவில்லை என்று அதில் தெரிந்தது. அவர்களின் விதிப்படி 5 வரை வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய புதியவருக்கு நான் கொஞ்சம் கஞ்சத்தனமாக 3 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். காலையில் 3ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை. வழக்கமாக 0 காட்டும் கால் திடீரென்று 2 காட்டினால் அன்றும் ஓட்டம் இல்லை, நடை மட்டும். முழு ஓய்வு எடுத்து ஒரு மாதம் சும்மா கிடப்பது தீர்வாகாது. வலி போய்விடும், கூடவே பலமும் போய்விடும். மறுபடி ஓட வரும்போது பழைய இடத்தைவிடக் கீழே நிற்பீர்கள்.

வாரத்தை மறந்து மூன்று நாள் சுற்றுக்கு வாருங்கள்

ஏழு நாள் என்பது சம்பளத்துக்கும் சந்தைக்கும் வைத்த கணக்கு. ஷிப்ட் வேலைக்காரருக்கு ஞாயிறும் புதனும் ஒன்றுதான். ஆகவே தம்பிக்கு மூன்று நாள் சுற்றாகப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் காலையில் ஓட்டம், மாலையில் பாரம் வைத்த கெண்டைக்கால் பயிற்சி. பாரமெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டையும் சேர்த்து வைத்தேன். இரண்டாம் நாள் அரை மணி நேரம் நடை, அல்லது சைக்கிள். மூன்றாம் நாளும் அப்படியே, கூடவே பாரமில்லாமல் தரையில் நின்று இருபது தடவை குதிகால் தூக்கல். நாலாம் நாள் மறுபடி முதல் நாள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் 72 மணி நேரம் தானாகவே வந்துவிடுகிறது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் காலை ஓட்ட நாளாக விழுந்தால், அந்த ஓட்டத்தை ஒரு நாள் தள்ளிவிடலாம். தூங்காத உடம்பு தேறாது. இந்த வயதில் ஒரு நாள் தள்ளிப் போனால் எதுவும் இழப்பில்லை. ஒரு நாள் முந்தினால்தான் செலவு.

மூன்று சுற்று, அதாவது ஒன்பது நாள் தொடர்ந்து காலை மதிப்பெண் 0 அல்லது 1ஆகவே இருந்தால் ஓட்டத்தில் ஐந்து நிமிடம் கூட்டலாம். தூரத்தைக் கூட்டும் சுற்றில் வேகத்தைக் கூட்டக் கூடாது, மேட்டுக்கும் போகக் கூடாது. மூன்று மாதம் இப்படி அமைதியாகப் போன பிறகு, எளிதான ஓட்டத்தை ஒன்றுவிட்டு ஒரு நாளாக நெருக்கிக்கொள்ளலாம். மேடும் வேகமும் மட்டும் அப்போதும் 72 மணி நேர இடைவெளியில்தான்.

எவ்வளவு வேகம் என்பதை வாய்ப்பாட்டால் அளக்கலாம்

இதயத்துடிப்புக்குச் சூத்திரம் இருக்கிறது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு. 53 வயதுக்கு 171. ஆனால் ஒரே வயதில் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். அதோடு நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்கவே ரத்தம் தோலுக்கு ஓடுவதால், அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுதலாகவே காட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர் கடிகாரத்தை நம்பினால் மோசம் போவார்.

எங்களுக்குத் தமிழ்ப்பள்ளி வாய்ப்பாடு போதும். ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு மூச்சில் இரண்டு வரி நிதானமாக வந்தால் எளிதான ஓட்டம். ஒரு வரிக்கே மூச்சு பிடித்தால் நடுத்தரம். "ஏழேழு" என்று நின்றுவிட்டால் கடுமை. முதல் மூன்று மாதம் எல்லா ஓட்டமும் இரண்டு வரி ஓட்டமாகவே இருக்கட்டும். அதற்காக நடந்தாலும் பரவாயில்லை. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திடலில் நடை பழகும் அம்மாமார்கள் முந்திப் போவார்கள், போகட்டும்.

அப்புறம், வேகத்தை அடியோடு விட்டுவிடவும் கூடாது. வயதாகும்போது முதலில் கழன்று போவது வேகமாகச் சுருங்கும் தசைநார்கள்தான். மெதுவாக மட்டுமே ஓடினால் அவற்றுக்கு வேலையே இருக்காது. மூன்று மாதம் கழித்து, மூன்று சுற்றுக்கு ஒரு முறை, எளிதான ஓட்டத்தின் முடிவில் திடலின் புல்லில் 15 நொடி விரைவோட்டம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு முழுசாக அடங்கும்வரை நடை. முழுவேகம் வேண்டாம், பத்தில் எட்டுப் பங்கு போதும். மேடு அதற்கும் பிறகுதான், ஏனென்றால் மேடு ஏறும்போது குதிகால் தரையில் படாமல் நாண் முழுநீளத்துக்கு இழுபடும்.

தோட்டத்துச் சாலையில் இன்னொன்றைக் கவனியுங்கள். மழைத்தண்ணீர் காணுக்கு வடிய வேண்டும் என்று சாலையின் இரு ஓரமும் சரிவாக இருக்கும். எப்போதும் உங்கள் இடக்கைப் பக்க ஓரமாகவே ஓடினால் இடது கால் எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் மிதிக்கும். போன ஓரத்திலேயே திரும்பி வாருங்கள், தாழ்ந்த பக்கத்தில் மிதிக்கும் கால் மாறிவிடும். ஆனால் குலை ஏற்றிய லோரி வரும் நேரம் இந்த விதியெல்லாம் செல்லாது. இறங்கி நின்றுவிடுங்கள்.

படிக்கட்டும் ஐந்து கிலோ அரிசியும்

இதுதான் மருந்து. 1998இல் ஹோகன் அல்ஃப்ரெட்சன் என்ற சுவீடன் மருத்துவர் படிக்கட்டு விளிம்பில் குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியைப் பிரபலமாக்கினார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம், தினமும். பலன் உண்டு. ஆனால் ஷிப்ட் முடிந்து வருகிற மனிதர் தினம் 180 தடவை குதிகால் இறக்குவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையையும் நாளையும் குறைத்த முறையும் அதற்கு ஈடாகப் பலன் தருகிறது. மூன்று நாள் சுற்றுக்கு அதுதான் பொருந்தும்.

முதலில் அளவு பாருங்கள். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் நின்று, முழங்கால் மடியாமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். இரண்டு நொடிக்கு ஒன்று. உயரம் குறையத் தொடங்கியதும் எண்ணுவதை நிறுத்துங்கள். தம்பிக்கு வலது காலில் 21, இடது காலில் 8. அவரே அதிர்ந்து போனார், "ஒரே ஆளு கால்தானாண்ணே இது?" என்று கேட்டார். இந்த இடைவெளியை மூடுவதுதான் அடுத்த மூன்று மாத வேலை.

பயிற்சி இப்படி. இரண்டு காலாலும் மூன்று நொடியில் ஏறுங்கள், மூன்று நொடியில் இறங்குங்கள். பன்னிரண்டு தடவை, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. அடுத்து முழங்காலைச் சற்று மடக்கி வைத்து அதே மூன்று முறை. முழங்கால் மடங்கினால் உள்ளே இருக்கும் சோலியஸுக்கு வேலை கூடுதலாகப் போய்ச் சேரும். நிறையப் பேர் விட்டுவிடும் பாதி இதுதான். பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். அதுவும் சுலபமானால் பிள்ளையின் பழைய பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டு ஏறினால்தான் பாரம் சரி.

நடுநாண் வலிக்காரர் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கலாம். ஒட்டுமிட வலி உள்ளவர் தரையிலேயே செய்யட்டும். கீழே இறக்கினால் நாண் எலும்பில் நசுங்கி வலி கூடும். அவர் கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியையும் தவிர்ப்பது நல்லது. பயிற்சி நேரத்தில் கொஞ்சம் வலிப்பது தப்பில்லை, மறுநாள் காலைப் பத்து அடிதான் தீர்ப்பு சொல்லும். மினியாக் போட்டு உருவி விடுவது இதமாக இருக்கும், நாணின் பலத்தை அது கூட்டாது. வலி இருக்கும் வரை குதிகால் பக்கம் பத்து மில்லிமீட்டர் உயரமான சப்பாத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். தம்பியின் தட்டைச் சப்பாத்து இப்போது சந்தைக்குப் போக மட்டும்.

பசியாறும்போது ஒரு மாற்றம்

வயதான தசை புரதத்தைச் சின்னச் சின்ன அளவில் கொடுத்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் அளவு தேவைப்படுகிறது. 65 கிலோ ஆளுக்கு 26 கிராம். ஓடிவிட்டு ரொட்டி சானாயும் தே தாரேயும் சாப்பிட்டால் இதில் பாதிகூட வராது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் டெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம். இரண்டையும் சேர்த்தால் தாண்டிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்

ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி "டப்" என்று கேட்டு, பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே போக வேண்டும், நாள் தள்ளக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதையும் சுளுக்கு என்று நினைத்து உருவி விடாதீர்கள். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரியிலும் குத்தினால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை அப்போதே நிறுத்துங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று மருந்துச் சமாச்சாரம். சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு சிலவற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்ஸாசின், லெவோஃப்ளோக்ஸாசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகவும் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள், ஆனால் "நான் ஓடுகிறவன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து முடிந்த பிறகும் சில வாரம் வேகமும் மேடும் வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நாண் இன்னும் விறைப்பாக இருக்கும், பாதத்தில் உணர்ச்சியும் மங்கலாம். அவர்கள் காலை மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஓடி வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

தம்பியின் கணக்கு

முதல் இரண்டு சுற்று அவர் ஓடவே இல்லை, நடையும் பயிற்சியும்தான். காலை மதிப்பெண் 5இலிருந்து 3க்கு வந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பத்துத் தடவை. ஐந்தாம் வாரம் மதிப்பெண் 1. உடனே வீரம் வந்து, கல்யாண வீட்டு அசதியோடு ஒரு நாள் முன்னதாகவே ஓடினார். மறுநாள் 4. அந்தச் சுற்றை முழுசாக ரத்து செய்து, முந்தைய சுற்றின் அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பன்னிரண்டாம் வாரம் இடது காலில் 18 தடவை ஏறினார், வலதில் 23. 30 நிமிடம் நிற்காமல் ஓட்டம், வாய்ப்பாடு இரண்டு வரி வீதம். முன்பு ஆறு வாரத்தில் பிடித்த 5 கிலோமீட்டரைப் பிடிக்க இந்த முறை ஐந்து மாதம் ஆனது.

இப்போது பினாங்குப் பாலத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஒரு ஆசை. நேற்று காலை திடலுக்கு வந்தவர், நான் கேட்பதற்கு முன்பே இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். சரி, என்று இருவரும் செம்மண் சாலையில் நடக்கப் போனோம்.